ஐயாவின் போன் எண்: கணக்குப் பிரிவுக்கு வந்த புதியவரை வாடிக்கையாளருக்கு அறிமுகம் செய்த நிகழ்வு

பின்னணி

யாழ்ப்பாண நகரில் குழாய், பெயின்ட், மின்கம்பி போன்ற கட்டடப் பொருட்களை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்றில் அலுவலக நிர்வாகம் என் பொறுப்பில் இருக்கிறது. எங்களிடம் கடனுக்கு வாங்கும் கடைகள் 137. பருத்தித்துறை, சுன்னாகம், சாவகச்சேரி, தீவுப் பக்கம், கிளிநொச்சி வரை பரந்திருக்கின்றன. கடன் தவணை 45 நாள். ஒவ்வொரு மாதமும் கணக்குக் கூற்று அனுப்புவோம்.

பில் சம்பந்தமான எல்லாக் கேள்விகளுக்கும் 19 வருடங்களாக ஒருவரே பதில் சொல்லி வந்தார். அலுவலகத்திலும் கடைகளிலும் அவரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கடைக்காரர் காசோலையை எந்தக் கிழமை தருவார், யாருக்கு எந்தச் சாமானில் என்ன கழிவு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. செப்டெம்பர் கடைசியில் வேலையை விட்டுவிட்டு, கனடாவில் இருக்கும் மகளிடம் போவதாக அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் ஜூலையில் அவருடைய இடத்துக்குப் புதிதாக ஒருவரை எடுத்தோம். கணக்கியல் படித்தவர், வேறொரு நிறுவனத்தில் மூன்று வருட அனுபவம் உள்ள இளம் பெண். வேலையில் எந்தக் குறையும் இல்லை. கணினியில் இருந்த கணக்கை இரண்டு கிழமைக்குள் பிடித்துவிட்டார்.

கணக்கை ஒப்படைக்க நாங்கள் நிறையத் திட்டமிட்டோம். வாடிக்கையாளரை ஒப்படைப்பது பற்றி யோசிக்கவே இல்லை. ஒரு அறிவித்தல் போதும் என்று நினைத்தோம்.

முதல் அறிவித்தல்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை, புதியவரின் சொந்தப் போனிலிருந்தே எல்லாக் கடைகளுக்கும் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினோம். அந்தச் செய்தியை இப்போதும் வைத்திருக்கிறேன்: “கணக்கு மற்றும் கொடுப்பனவு விபரங்களுக்கு இனி இந்த எண்ணைத் தொடர்பு கொள்ளவும்.” கீழே நிறுவனத்தின் பெயர். வேறொன்றும் இல்லை.

அதே பின்னேரம் கிளிநொச்சிக் கடைக்காரர் ஒருவர் எங்கள் 021 தரைவழித் தொலைபேசிக்கு எடுத்தார். “தம்பி, உங்கட பேரில ஆரோ காசு விஷயமா மெசேஜ் போடுறாங்கள். உண்மையோ?” என்று கேட்டார். உண்மைதான் என்றேன். அவருக்கு நன்றி சொன்னேன், ஆனால் மனதுக்குள் கொஞ்சம் எரிச்சல்பட்டேன். அது தவறு என்று பிறகு விளங்கியது. தெரியாத எண்ணிலிருந்து கொடுப்பனவு பற்றிச் செய்தி வந்தால் ஒரு வியாபாரி செய்ய வேண்டியதை அவர் சரியாகவே செய்திருக்கிறார். பழைய பில்லில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு எடுத்து விசாரித்தார். கணக்குப் பகுதிக்கு ஆள் மாறிவிட்டதாகச் சொல்லி, அடுத்த செய்தியில் வேறு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணத்தைத் திருப்பும் மோசடி உலகெங்கும் நடக்கிற ஒன்று. எங்கள் செய்தி அச்சாக அந்த மாதிரியே இருந்தது.

விசாரித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் நம்பாமலோ கவனிக்காமலோ விட்டிருக்க வேண்டும். திருவிழா நாட்கள் என்பதால் அலுவலகத்திலும் ஆள் குறைவு. நாங்களும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பருத்தித்துறைக் கடை

செப்டெம்பர் முதல் கிழமையில், தவணை கடந்த பில்களின் பட்டியலை எடுத்துப் புதியவர் வரிசையாகப் போன் செய்தார். அதில் பருத்தித்துறைக் கடை ஒன்று இருந்தது. ஒரே ஒரு பில்தான். வரிக்கு முன் 158,000 ரூபாய், 18 வீத வற் வரி 28,440, மொத்தம் 186,440. தவணை முடிந்து பத்து நாள். பன்னிரண்டு வருடமாக ஒரு நாள்கூடப் பிந்தாத கடை அது.

அந்த அழைப்பின்போது நான் பக்கத்து மேசையில் இருந்தேன். புதியவர் மரியாதையாகத்தான் தொடங்கினார். அரை நிமிடத்தில் மறுபக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. “நான் மூண்டு தரம் சொல்லிட்டன் பிள்ளை. நீங்க ஆர் எண்டே எனக்குத் தெரியாது. ஐயாவைக் கதைக்கச் சொல்லுங்கோ.” போன் வைக்கப்பட்டுவிட்டது.

அந்த மூன்று தரத்தையும் தேடிப் பிடித்தோம். பி.வி.சி. குழாயில் 12 குறைவாகப் போயிருந்தது. சாமான் இறக்கிய அன்றைக்கே கடைக்காரர் லொறி உதவியாளரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் டெலிவரி நோட்டின் ஓரத்தில் பென்சிலால் “12 குறைவு” என்று எழுதியிருந்தார். அந்தத் தாள் களஞ்சியக் கோப்புக்குள் போய்விட்டது, கணக்குப் பகுதிக்கு வரவில்லை. அடுத்த கிழமை கடைக்காரர் ஐயாவின் போனுக்கு எடுத்திருக்கிறார். ஐயா அன்று விசா அலுவலாகக் கொழும்பில். பஸ்ஸுக்குள் இருந்து “சரி, பார்க்கிறன்” என்று சொன்னவர், திரும்பி வந்த களைப்பில் மறந்துவிட்டார். மூன்றாவது தரம், கடைகளுக்குப் போய் ஓடர் எடுக்கும் எங்கள் விற்பனைப் பிரதிநிதியான ரெப்பிடம் சொல்லியிருக்கிறார். ரெப், “சொல்லிவிடுறன் அண்ணை” என்று சொல்லி வழக்கம்போல ஐயாவுக்கு ஒரு குரல்செய்தி போட்டிருக்கிறார். அது கேட்கப்படாமலே கிடந்தது.

கணக்கு சின்னதுதான். ஒரு குழாய் 1,450 ரூபாயாக 12 குழாய்க்கு 17,400. அதற்கான வரி 3,132. கழிக்க வேண்டியது 20,532. கடைக்காரர் தர வேண்டியது 165,908. ஆனால் பில் சரியாகாமல் காசோலை எழுத மாட்டேன் என்று அவர் முழுத் தொகையையும் நிறுத்தி வைத்திருந்தார். அவரும் வற் வரிக்குப் பதிவு செய்தவர். ரெப் நேரில் போய்ப் பில்லில் ஒரு கோட்டை வெட்டிப் புதுத் தொகையை எழுதிக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. அந்தப் பில் எண்ணைக் குறிப்பிட்டு வரியோடு சேர்த்து நாங்கள் கிரெடிட் நோட் கொடுத்தால்தான் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்து நிற்கும். அதைச் செய்ய அலுவலகத்தில் ஒருவரால்தான் முடியும். அந்த ஒருவருக்கு மட்டும்தான் விஷயம் போய்ச் சேரவில்லை.

கேள்விகள் எங்கே போகின்றன என்று பார்த்தது

பருத்தித்துறைக் கடையின் கணக்கை அன்றே எங்கள் பக்கத்தில் சரிசெய்தோம். பிறகு, பில் பற்றி யார் யாரிடம் கேட்டாலும் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். கடையின் பெயர், என்ன கேள்வி, முதலில் யாரிடம் கேட்டார்கள். லொறிப் பெடியங்களும் எழுதினார்கள்.

மொத்தம் 46 கேள்விகள். 24 ஐயாவின் போனுக்கு, 11 ரெப்புகளிடம், 4 லொறியில் போனவர்களிடம். புதியவருக்கு நேரடியாக வந்தவை 7. அந்த ஏழில் ஐந்தும் அவராகவே முதலில் போன் செய்த கடைகள்.

கொப்பியைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. புதியவர் கடைகளுக்குச் செய்த முதல் அழைப்பு ஏறக்குறைய எல்லாமே காசு கேட்ட அழைப்பு. யாழ்ப்பாணத்தில் ஒரு கடை முதலாளிக்கு, அறிமுகமில்லாத இளம் பெண் ஒருவர் போன் எடுத்து “உங்கள் நிலுவை” என்று தொடங்குவது எப்படி இருக்கும்? ஐயாவும் காசு கேட்பார்தான். ஆனால் மகளின் படிப்பை விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கடைசியில்தான் “அந்தப் பழைய பில்...” என்று இழுப்பார். அந்த உரிமை அவருக்கு 19 வருடத்தில் வந்தது. அதில் ஒரு துளியைக்கூட நாங்கள் புதியவரின் கையில் கொடுக்காமல், பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டோம். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். கடைக்காரர்கள் அவரிடம் கடுமையாகக் கதைத்த அந்த ஒரு மாதத்துக்கு அவர் எந்த விதத்திலும் காரணமில்லை.

எடுத்த முடிவுகளும் அதற்கான காரணமும்

முதலில் ஐயாவிடம் இன்னும் ஒரு மாதம் நிற்கும்படி கேட்டோம். ஒக்டோபர் கடைசி வரை நிற்க ஒத்துக்கொண்டார். அந்த மாதம் அவர் பில் வேலை எதுவும் செய்வதில்லை, கடைகளுக்குப் புதியவரை அறிமுகம் செய்வது மட்டும்தான் வேலை என்று பேசிக்கொண்டோம்.

அடுத்தது எண். ஐயாவின் எண்ணை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாமா என்று முதலில் யோசித்தோம். அது முடியாத காரியம். அவருடைய வங்கிக் குறுஞ்செய்தி, சொந்தக்காரர், கோயில் சபை எல்லாம் அந்த எண்ணில். புதியவரின் சொந்த எண்ணைத் தொடர்ந்து கொடுப்பதும் பிழை. அவர் போகும் நாளில் இதே கதை மறுபடி தொடங்கும். எனவே நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் எடுத்து, ஒரு சாதாரண போனில் போட்டு, கணக்குப் பகுதி மேசையில் வைத்தோம். அந்தப் போன் இரவில் வீட்டுக்குப் போகாது.

மூன்றாவது, அறிமுகத்துக்கு முன் பழைய சிக்கல்களைத் தீர்ப்பது. கொப்பியிலும் ஐயாவின் நினைவிலும் இருந்து 23 கடைகளின் முடியாத பிரச்சினைகளை எடுத்தோம். குறைந்த சாமான், திருப்பி அனுப்பியது, பேசிய கழிவு பில்லில் வராதது. அறிமுக அழைப்பை இந்த 23 கடைகளில் இருந்துதான் தொடங்க வேண்டும், ஒவ்வொன்றிலும் கிரெடிட் நோட்டோ விளக்கமோ தயாராக இருந்த பிறகே எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். பெரிய நிலுவை உள்ள கடைகளில் தொடங்கலாம் என்று எங்கள் முதலாளி சொன்னார். நான் மறுத்தேன். பெரிய நிலுவைக்காரருக்கு அந்த அழைப்பு வேறு பெயரில் வரும் காசு கேட்கும் அழைப்பாகத்தான் படும்.

நான்காவது, புதியவரால் என்ன தீர்மானிக்க முடியும் என்பதைத் தெளிவாக்கினோம். 25,000 ரூபாய் வரையான திருத்தத்துக்கு அவர் யாரையும் கேட்காமல் கிரெடிட் நோட் போடலாம். கடன் எல்லையைக் கூட்டுவதும் தவணை நீட்டுவதும் முதலாளியிடம். இதைக் கடைக்காரருக்கும் சொல்ல வேண்டும். “கேட்டுச் சொல்லுகிறேன்” என்று இரண்டு தரம் சொன்னால், மூன்றாம் தரம் அவர்கள் நேரே முதலாளிக்கு எடுப்பார்கள்.

ரெப்புகளிடம் ஒன்றைத்தான் கேட்டோம். பில் விஷயம் வந்தால் “சொல்லிவிடுறன்” என்று சொல்ல வேண்டாம். கடைக்காரரின் முன்னாலேயே கணக்குப் பகுதிக்கு எடுத்துப் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ரெப்புகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. கடைக்காரரின் குறையைத் தாங்களே தீர்த்துக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அது நியாயமான உணர்வுதான். ஆனால் பென்சில் குறிப்பும் கேட்கப்படாத குரல்செய்தியும் என்ன செய்தன என்று பருத்தித்துறைக் கதையைச் சொன்னபோது ஒத்துக்கொண்டார்கள்.

அறிமுக அழைப்பு

ஒக்டோபரில் ஒரு நாளைக்கு எட்டுக் கடை. நேரம் மத்தியானம் ஒன்றரையில் இருந்து மூன்று மணி வரை. கடைகளில் கூட்டம் குறைந்து, முதலாளி சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் இருக்கும் நேரம் அது. ஐயா தன் போனில் இருந்தே எடுப்பார், ஒலிபெருக்கியில் போடுவார். பக்கத்தில் புதியவர், முன்னால் அந்தக் கடையின் கூற்று.

பருத்தித்துறைக் கடைதான் முதலாவது. நடந்தது ஏறக்குறைய இப்படி.

“தம்பி, நான்தான். சாப்பிட்டாச்சோ? நான் இந்த மாதக் கடைசியோட நிக்கிறன், தெரியும்தானே. இனி உங்கட பில் எல்லாம் பார்க்கிறது எங்கட பிள்ளை. அண்டைக்கு உங்களோட கதைச்சவ. குழாய் விஷயத்தை அவதான் தேடிப் பிடிச்சது, நான் இல்ல. மறந்தது நான்தான். இந்தா, அவவோட கதையுங்கோ.”

புதியவர் போனை வாங்கி, கிரெடிட் நோட்டின் எண்ணைச் சொன்னார். தொகையைச் சொன்னார், பில்லில் மிச்சம் 165,908 என்பதையும் சொன்னார். காசோலை எப்போது என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “சரி பிள்ளை. அண்டைக்குக் கொஞ்சம் கத்திப்போட்டன், மனசில வைக்காதேங்கோ” என்றார். காசோலை அந்தக் கிழமை ரெப்பிடம் வந்தது.

“மறந்தது நான்தான்” என்று ஐயா சொன்னது நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல. கடைக்காரரின் கோபத்தைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, புதியவரைத் தீர்த்து வைத்தவராக நிறுத்தினார். அந்த ஒரு வசனத்தின் வேலையை எந்த அறிவித்தலும் செய்திருக்காது.

அழைப்பு முடிந்த அதே நேரம் புதிய அலுவலக எண்ணில் இருந்து எழுத்திலும் அனுப்பினோம். இரண்டாவது அறிவித்தல் இது:

“வணக்கம். இன்று ஐயா உங்களுடன் பேசியபடி, பில், கூற்று, குறைந்த அல்லது திருப்பிய சாமான் பற்றிய கேள்விகளுக்கு இந்த எண். திங்கள் முதல் சனி வரை, காலை 8.30 முதல் மாலை 5 மணி வரை. எங்கள் வங்கிக் கணக்கு மாறவில்லை. மாறியதாக யார் சொன்னாலும், பழைய பில்லில் உள்ள தரைவழி எண்ணுக்கு எடுத்து உறுதி செய்த பிறகே பணம் அனுப்புங்கள்.”

அதே எண்ணைப் பில்லிலும் போட வேண்டியிருந்தது. அச்சடித்த பில் புத்தகங்கள் நிறைய மிச்சம் இருந்ததால் ஒரு ரப்பர் முத்திரை செய்தோம்: “பில் பற்றிய கேள்விக்கு” என்ற சொற்களும் எண்ணும். முதலில் அதை மேலே பெயருக்குப் பக்கத்தில் அடித்தார்கள். நான் கீழே, மொத்தத் தொகைக்கு இடது பக்கம் அடிக்கச் சொன்னேன். கடைக்காரர் பில்லில் பார்ப்பது தொகையைத்தான், கேள்வி பிறப்பதும் அந்த இடத்தில்தான்.

நடுவில் கண்ட பிழை

நாற்பது கடைகள் முடிந்த பிறகு சுன்னாகம் பக்கத்துக் கடை ஒன்றில் இருந்து ஐயாவுக்கு மறுபடி ஒரு கேள்வி வந்தது. முதலாளியிடம் நன்றாக அறிமுகம் செய்த கடை அது. விசாரித்தால், அங்கே பில் பார்ப்பது முதலாளி அல்ல, அவருடைய மனைவி. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வட்ஸ்அப் செய்தியும் கணவரின் போனுக்குத்தான் போயிருந்தது.

எங்கள் பக்கத்து ஆளை மட்டும் யோசித்து, அவர்கள் பக்கத்து ஆளை யோசிக்காமல் விட்டிருந்தோம். அன்றில் இருந்து ஒவ்வொரு அழைப்பிலும் புதியவரே ஒரு கேள்வி கேட்டார்: “உங்கட பக்கம் பில் பார்க்கிறது ஆர்? அவையின்ர நம்பரையும் தருவீங்களோ?” முடிந்த நாற்பது கடைகளுக்கும் திரும்ப எடுத்தோம். பதினாறு கடைகளில் பில் பார்ப்பவர் வேறொருவராக இருந்தார். மனைவி, மருமகன், கடையில் நிற்கும் பெடியன், ஒரு இடத்தில் பின்னேரத்தில் மட்டும் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இந்தப் பெயர்களும் எண்களும் இப்போது கணினியில் அந்தந்தக் கடையின் கணக்கிலேயே இருக்கின்றன. முன்பு அவை ஐயாவுக்கு மட்டும் தெரிந்தவை.

அதன் பின்

நவம்பரில் மறுபடி இரண்டு கிழமைக்குக் கொப்பி எழுதினோம். 43 கேள்விகள். அதில் 29 நேரே கணக்குப் பகுதிப் போனுக்கு. ரெப்புகளிடம் 6, லொறியில் 1, ஐயாவுக்கு 7. முடியாத பிரச்சினை இருந்த கடைகள் 23 இல் இருந்து 5 ஆகக் குறைந்தன.

ஐயாவுக்குப் போன ஏழும் அவர் கனடா போன பிறகு போனவை. எண் மாறாததால் வட்ஸ்அப் அங்கேயும் வேலை செய்தது. இங்கே கடை திறக்கும் நேரம் அங்கே இரவு. அவர் ஒவ்வொன்றையும் அப்படியே புதியவருக்கு அனுப்பிவிட்டு, கடைக்காரருக்கு “பிள்ளைக்கு அனுப்பிட்டன், அவ எடுப்பா” என்று ஒரு வரி போட்டார். பதில் தெரிந்திருந்தாலும் தானாகச் சொல்லவில்லை. அதை அவரிடம் நாங்கள் முன்பே கேட்டிருந்தோம். புதியவரும் அந்த ஏழு கடைகளுக்கும் அதே நாள் காலையில் எடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஊர்காவற்றுறைப் பக்கக் கடை ஒன்று கடன் கணக்கையே முடித்துக்கொண்டு காசுக்கு வாங்கத் தொடங்கியது. புதியவர்களோடு கணக்கு வைக்க விருப்பமில்லை என்றார் முதலாளி. இன்னும் இரண்டு பேர் பில் விஷயத்துக்கு என்னைத்தான் கேட்கிறார்கள். நான் போனை அவர் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இன்னொரு முறை என்றால்

அலுவலக எண்ணைப் பத்து வருடத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஐயாவின் சொந்த எண் எங்கள் கணக்குப் பகுதியாக மாறியது அவர் பிழை அல்ல, எங்கள் வசதி. புதியவர் வந்த முதல் நாளில் இருந்தே ஐயாவின் அழைப்புகளில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். அப்படியிருந்தால் ஜூலையில் இருந்து மூன்று மாதம் கிடைத்திருக்கும். எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிய அந்த முதல் வட்ஸ்அப் செய்தியை அனுப்பவே மாட்டேன். டெலிவரி நோட்டில் யாராவது கையால் எதையாவது எழுதியிருந்தால், அது களஞ்சியத்துக்குப் போகும் முன் கணக்குப் பகுதி மேசையைத் தொட வேண்டும் என்ற விதியையும் இப்போதுதான் வைத்தோம்.

ஜனவரியில் புதியவர் தன் கல்யாணத்துக்கு இரண்டு கிழமை விடுப்பில் போனார். போக முதல் கிழமை, தனக்குப் பதிலாக இருக்கப் போகும் உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடியாத பில் உள்ள ஒன்பது கடைகளுக்கும் அவரே எடுத்துக் கதைத்தார். போன் மேசையிலேயே இருந்தது.